வென்டிலேட்டருக்குப் பிறகு வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம்: பலூனா, வெட்டி இணைப்பதா?

"டாக்டர், என் தம்பிக்கு வயது 27. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு 15 நாள் வாயில் டியூபோடு வென்டிலேட்டரில் இருந்தான். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தான். இப்போது மூச்சு இழுத்தால் சத்தம் வருகிறது, மாடி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறான். வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஆக்சிஜன் 98 காட்டுகிறது. சி.டி. எடுத்ததில் குரல்நாணுக்கு 3.5 செ.மீ. கீழே, 2 செ.மீ. நீளத்துக்கு மூச்சுக்குழாய் சுருங்கி 5 மி.மீ. தான் வழி இருக்கிறது என்று வந்திருக்கிறது. ஒருவர் பலூன் வைத்து விரித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இணைக்க வேண்டும் என்கிறார். எதைக் கேட்பது?"

முதலில் அந்த 98-ஐ மறந்துவிடுங்கள். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். காற்று வரும் வழி எவ்வளவு குறுகிவிட்டது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் தம்பிக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது. இளம் வயது, நெஞ்சுத் தசைகள் பலமானவை. அவை கூடுதலாக உழைத்து வேண்டிய காற்றை எப்படியோ உள்ளே இழுத்துவிடுகின்றன. அதனால் கிட்டத்தட்ட கடைசி வரை 97, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் இறங்க ஆரம்பித்தால், தசைகள் ஓய்ந்துவிட்டன என்று அர்த்தம். அதற்குப் பிறகு கையில் அதிக நேரம் இருக்காது.

பார்க்க வேண்டிய எண் 5 மி.மீ. தான். வளர்ந்த ஆணின் மூச்சுக்குழாய் சுமார் 18 மி.மீ. அகலம் இருக்கும். அது 5 மி.மீ. ஆகிவிட்டால், காற்று போகும் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. பரப்பு மட்டும் குறைந்தால் பரவாயில்லை. குழாயின் அகலம் பாதியாகும்போது காற்றுக்கு எதிர்ப்பு இரு மடங்கு அல்ல, 16 மடங்கு ஏறுகிறது. அதனால்தான் இந்த நோய் உள்ளே மெல்ல மெல்ல வளர்ந்தாலும் வெளியே திடீரென்று வந்ததுபோல் தெரியும். 18 மி.மீ. 10 ஆகும்வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. 8 மி.மீ. பக்கம் வரும்போது மாடிப்படியில் மூச்சு வாங்கும். 5, 6 மி.மீ. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்கும். உங்கள் தம்பி இந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார்.

இந்த அளவில் நான் பயப்படுவது சுருக்கம் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடுவதைப் பற்றி அல்ல, சளியைப் பற்றி. சுருங்கிய இடத்துக்குக் கீழே சளி தேங்கிக் கெட்டியாகும். இருமினால் மேலே வரும், ஆனால் 5 மி.மீ. வழியில் சிக்கிக்கொள்ளும். ஒரு கெட்டிச் சளித்துண்டு அந்த இடத்தை முழுதாக அடைத்துவிட முடியும். அதனால் இது அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை. இந்த வாரமே ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன்னால் கழுத்துக்குழியும் காறை எலும்பின் மேல்பக்கமும் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், படுக்கவே முடியாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த நேரமே கிளம்ப வேண்டும். இன்னொன்று உண்டு, வீட்டார் இதில்தான் ஏமாந்துபோவார்கள்: ஆள் மிகவும் சிரமப்படும்போது சத்தம் குறைந்தால், நல்லாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. உள்ளே போகும் காற்றே குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

போகும் இடத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வாயைத் திறந்தவுடன் சொல்ல வேண்டியது, "15 நாள் வென்டிலேட்டரில் இருந்தான், மூச்சுக்குழாய் 5 மி.மீ. ஆகச் சுருங்கியிருக்கிறது, சி.டி. இதோ" என்பதுதான். மூச்சுத்திணறலோடு வருபவருக்கு உடனே டியூப் போடுவது வழக்கம். ஆனால் இவருக்கு வழக்கமான டியூபைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் அது சுருக்கத்தின் மேல் போய் முட்டி நிற்கும். வீங்கி, ரத்தம் கசிந்து, இருந்த வழியும் போய்விடலாம். உட்கார்ந்த நிலையிலேயே வைத்து, ஈரப்படுத்திய ஆக்சிஜன், நெபுலைசரில் அட்ரினலின், நரம்பில் ஒரு டோஸ் ஸ்டீராய்டு என்று வீக்கத்தைத் தணித்து, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதுதான் முறை. இவையெல்லாம் சில மணி நேரம் வாங்கித் தருபவை, தழும்பை ஒன்றும் செய்யாதவை. வீட்டில் ஒரு எச்சரிக்கை: தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்தோ இப்போது கொடுக்கவே கூடாது.

சரி, ஒரு மாதம் நன்றாக இருந்தவருக்கு ஏன் இப்படி ஆனது? வாய்வழி டியூபின் கீழ்முனைக்குச் சற்று மேலே காற்று ஊதக்கூடிய ஒரு சிறு பை இருக்கும். கஃப் என்பார்கள். உள்ளே தள்ளும் காற்று மேலே கசியாமலும், எச்சில் கீழே இறங்காமலும் அது தடுக்கிறது. மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. கஃபின் அழுத்தம் சுமார் 30 செ.மீ. நீரளவைத் தாண்டிவிட்டால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. தோல் வெளுத்து, புண்ணாகி, உரியும். அதற்கு அடியில் இருப்பது குருத்தெலும்பு வளையம். அது திறந்து கிடந்தால் கிருமி தொற்றி மெத்தென்று ஆகி, சில இடங்களில் கரைந்தே போய்விடும். டியூப் உள்ளே இருக்கும்வரை இது எதுவும் தெரியாது, ஏனென்றால் டியூபே வழியைத் திறந்து வைத்திருக்கிறது. எடுத்த பிறகுதான் புண் ஆற ஆரம்பிக்கிறது. புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். இது வட்டமான புண் என்பதால் எல்லாப் பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சுருங்குகிறது. இதற்கு இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். உங்கள் தம்பியின் சி.டி. சொல்லும் இடம், குரல்நாணுக்கு 3.5 செ.மீ. கீழே என்பது, கஃப் உட்கார்ந்திருந்த அதே இடம்தான்.

இதைக் கேட்டவுடன் எல்லாக் குடும்பமும் அடுத்துக் கேட்பது, அப்படியானால் ஐ.சி.யு.வில் தவறு செய்துவிட்டார்களா என்பது. கஃபை அளக்காமல் கைவிரலால் அழுத்திப் பார்த்தே ஊதுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு, அது நல்ல பழக்கமில்லை. ஒரு சிறு அழுத்தமானி வைத்து நாளுக்கு மூன்று வேளை பார்த்து 20-க்கும் 30-க்கும் இடையில் வைத்திருக்கலாம். ஆனால் அளந்து வைத்திருந்தும் சிலருக்கு வருகிறது. விபத்தின்போது ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தால், சாதாரண கஃப் அழுத்தமே அந்தத் தோலுக்கு அதிகம். தலைக்காயத்தில் ஆள் முறுக்கிக்கொண்டு டியூபை ஆட்டியபடி இருந்தால், ஒவ்வொரு அசைவும் உரசல். சர்க்கரை நோய், நெஞ்சுத் தொற்று, டியூபை எடுத்து மறுபடி போட்டது எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு யார் தவறு என்று சொல்ல முடியாது, இப்போது அதில் நேரம் செலவழிக்கவும் வேண்டாம். நம்மூரில் இந்தச் சுருக்கத்தோடு வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டு வழியாக வருகிறார்கள்: பைக் விபத்தில் தலைக்காயம், அல்லது பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர்கள். 2020, 2021-இல் கொரோனா மூன்றாவது வழியாகச் சேர்ந்துகொண்டது. மூன்றிலும் வாரக்கணக்கில் டியூப் இருக்கும்.

இன்ஹேலர் கொடுத்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீசிங் என்று நினைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது, எக்ஸ்ரேயும் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். ஆனால் பிரித்தறிய முடியும். ஆஸ்துமாவில் சத்தம் மூச்சு விடும்போது அதிகம், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் பல சுருதிகளில் கேட்கும், விடியற்காலை கூடும், பகலில் குறையும். இதில் சத்தம் மூச்சு இழுக்கும்போது, சுருக்கம் இறுகிவிட்டால் இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே சுருதியில் வரும். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தால்தான் பலமாகக் கேட்கும். ஏறி இறங்காது, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும். வாயை நன்றாகத் திறந்து சட்டென்று ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னால், அமைதியாக இருக்கும்போது மறைந்திருக்கும் சத்தம்கூட வெளியே வந்துவிடும். வென்டிலேட்டரில் இருந்து வந்த ஒருவருக்குப் புதிதாக "ஆஸ்துமா" வந்தால், முதலில் மூச்சுக்குழாயைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்துமாவை யோசிக்க வேண்டும்.

இனி பலூனா, வெட்டி இணைப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு டாக்டர்களும் தவறாகச் சொல்லவில்லை. இரண்டு வெவ்வேறு நோய்களை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சுருக்கம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் உள்தோல் மட்டும் தழும்பாகி, மெல்லிய சவ்வு மாதிரி வழியை மறைத்து நிற்கும். வெளியே குருத்தெலும்பு வளையங்கள் அப்படியே இருக்கும். நீளம் ஒரு செ.மீ.க்குள். இன்னொன்றில் வளையங்களே போய்விட்டன. சுவர் முழுவதும் தழும்பு, நீளம் ஒரு செ.மீ.க்கு மேல். முதல் வகையில் பலூன் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் விரித்த பிறகு விரிந்தபடி பிடித்து நிறுத்த வெளியே வளையம் இருக்கிறது. இரண்டாம் வகையில் விரிப்பது, கம்பி ஒடிந்த குடையைக் கையால் விரித்துப் பிடிப்பது மாதிரி. கையை எடுத்தால் விழுந்துவிடும்.

உங்கள் தம்பியின் சுருக்கம் 2 செ.மீ. நீளம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாம் வகைப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அதை சி.டி. மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. சுருங்கிய இடத்தில் சளி ஒட்டியிருந்தாலும் சி.டி. அதையும் சுருக்கமாகக் காட்டும், நீளத்தைக் கூட்டிச் சொல்லும். கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு, மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்காஸ்கோபி. இங்கே ஒரு நடைமுறை விஷயம்: பெரியவர்களுக்கான வளையும் பிராங்காஸ்கோப் தடிமனே சுமார் 5 மி.மீ., அல்லது அதற்கு மேல். உங்கள் தம்பியின் வழியும் அவ்வளவுதான். வார்டில் படுக்கவைத்து அதை உள்ளே விட்டால், மூச்சு வரும் வழிக்கே மூடி போட்டதாகிவிடும். அதனால் இவருக்கு இந்தப் பரிசோதனை தியேட்டரில், மயக்க மருத்துவர் பக்கத்தில் நிற்க, நேரான உலோகக் குழாயான ரிஜிட் பிராங்காஸ்கோப் தயாராக இருக்க, அதை விடத் தெரிந்த ஆள் செய்ய வேண்டும். அந்த உலோகக் குழாய் வழியாகவே காற்றும் கொடுக்கலாம், அதை வைத்தே சுருக்கத்தைப் படிப்படியாக விரிக்கவும் செய்யலாம். அதாவது பார்ப்பதும் முதல் சிகிச்சையும் ஒரே மயக்கத்தில் நடந்துவிடும். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை இந்தக் கட்டத்தில் தேவையில்லை, அவரை மூச்சடைக்க வைத்துப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

அந்தப் பரிசோதனையிலிருந்து நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது நான்கு செய்திகள். குரல்நாணிலிருந்து சுருக்கம் எவ்வளவு கீழே தொடங்குகிறது, உண்மையான நீளம் எவ்வளவு, வளையங்கள் உறுதியாக இருக்கின்றனவா இல்லை மூச்சு இழுக்கும்போது சுவர் உள்ளே ஒட்டிக்கொள்கிறதா, இரண்டு குரல்நாண்களும் அசைகின்றனவா. கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுவார்கள். குரல்நாண்கள் அசையாமல் இருந்தால், கீழே என்ன செய்தாலும் மேலே இன்னொரு கதவு மூடியே இருக்கும். அது தெரியாமல் ஆபரேஷன் செய்துவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பதுபோல் சங்கடம் வேறில்லை.

மெல்லிய சவ்வு என்று தெரிந்தால் பலூன் சரியான தேர்வுதான். வெறும் பலூனை வைத்து விரிப்பதைவிட, முதலில் தழும்பில் லேசராலோ மின்கத்தியாலோ மூன்று இடத்தில் கீறிவிட்டு விரிப்பது நல்லது. கீறல்களுக்கு இடையில் நல்ல தோலை விட்டுவைத்தால் அங்கிருந்து புதுத் தோல் பரவும். சுற்றி முழுவதும் சுட்டெடுத்தால் மறுபடி வட்டப் புண், மறுபடி வட்டத் தழும்பு. பிறகு பலூனை உள்ளே வைத்து 12 முதல் 14 மி.மீ. வரை, அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று விரிப்பார்கள். அந்த நேரம் மூச்சு நின்றிருக்கும், அதனால் மயக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் கண்ணோடு கண் பார்த்து வேலை செய்ய வேண்டிய நிமிடம் அது. தழும்பில் ஸ்டீராய்டு ஊசி போடுவதும், தழும்பு வளர்வதைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைப்பதும் உண்டு. எழுந்தவுடன் ஆள் மூச்சை இழுத்துப் பார்த்து ஆச்சரியப்படுவார். அந்த நிம்மதிதான் பிரச்சினையும்கூட. நான்கு, ஆறு வாரத்தில் சத்தம் திரும்பி வந்தால், மறுபடி பலூன், மறுபடி நிம்மதி என்று சுற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும்.

இதில் என் கருத்து உறுதியானது. இரண்டு, அதிகம் போனால் மூன்று முறை விரித்தும் சில வாரங்களில் திரும்பினால், அது பலூனுக்கு உரிய சுருக்கம் இல்லை. ஒவ்வொரு லேசரும் ஒவ்வொரு விரிப்பும் ஓரத்தில் இருக்கும் நல்ல தோலையும் கொஞ்சம் காயப்படுத்துகிறது. 2 செ.மீ. என்று வந்தவர் ஒரு வருடம் கழித்து 4 செ.மீ. ஆக நிற்பார். மூச்சுக்குழாய் மொத்தமே 11 செ.மீ. சொச்சம்தான். வெட்டி இணைக்கும் ஆபரேஷனுக்கு வேண்டிய மூலதனம் மிச்சமிருக்கும் நல்ல குழாய். அதைச் சின்னச் சிகிச்சைகளில் கரைத்துவிட்டு, பிறகு பெரிய ஆபரேஷனுக்கு வந்தால், எளிதாக முடிந்திருக்க வேண்டியது முடியாமலே போகலாம்.

வெட்டி இணைப்பது என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் தம்பியின் கணக்கைப் பாருங்கள். சுருக்கம் குரல்நாணுக்கு 3.5 செ.மீ. கீழே தொடங்குகிறது. குரல்வளையின் அடியில் இருக்கும் முழு வளையம் சுமார் 2 செ.மீ.யில் முடிந்துவிடும். ஆக, நடுவில் ஒன்றரை செ.மீ. நல்ல குழாய் இருக்கிறது. குரல்வளையைத் தொடவே வேண்டியதில்லை. இதுவே சுருக்கம் குரல்நாணை ஒட்டி இருந்திருந்தால் ஆபரேஷன் வேறு தரம், இன்னும் நுட்பமானது. 2 செ.மீ. சுருக்கத்துக்கு இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் சேர்த்து இரண்டரை செ.மீ. எடுப்பார்கள் என்று வையுங்கள், ஐந்து வளையம் அளவு. இளம் வயதில் கழுத்தைக் குனிந்தாலே அந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். 4, 5 செ.மீ. வெட்ட வேண்டியவர்களுக்குத்தான் குரல்வளையை மேலே பிடித்திருக்கும் தசைகளை விடுவித்து இறக்குவது போன்ற கூடுதல் வேலைகள் வரும்.

கழுத்தின் அடியில் குறுக்காக ஒரு கீறல். மூச்சுக்குழாயை ஒட்டியே பிரித்துக்கொண்டு போவார்கள், ஏனென்றால் இரண்டு பக்கமும் குரல்நாணுக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. தழும்புக்குள் அவற்றைத் தேடிப் போவது ஆபத்து. பக்கவாட்டில் அதிகம் பிரிப்பதும் இல்லை, மூச்சுக்குழாய்க்கு ரத்தம் பக்கவாட்டிலிருந்துதான் வருகிறது. சுருக்கத்துக்குக் கீழே வெட்டியவுடன், கழுத்துக் காயம் வழியாகவே ஒரு சுத்தமான டியூபைக் கீழ்ப்பகுதிக்குள் வைத்து மூச்சு கொடுப்பார்கள். துண்டை எடுத்துவிட்டு, கரையும் நூலால் சுற்றிலும் தையல்களை இட்டு, கழுத்துக்கு அடியில் வைத்த தலையணையை எடுத்து, தலையை முன்னால் குனியவைத்து, இழுவிசை இல்லாமல் முடிச்சுகளைப் போடுவார்கள். முடிந்ததும் மேசையிலேயே டியூபை எடுத்துவிடுவதுதான் விருப்பம். கடைசியில் தாடையையும் மேல் நெஞ்சுத் தோலையும் இணைத்து ஒரு தடித்த தையல் போடுவார்கள். பார்க்கும் உறவினர்கள் பதறிப்போவது இதைப் பார்த்துத்தான். அது தலையைச் சட்டென்று அண்ணாந்துவிடாமல் தடுக்கும் நினைவூட்டல், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். அந்தச் சமயம் உள்ளே கேமரா விட்டு இணைப்பையும் பார்த்துவிடுவார்கள்.

பாஸ்டனில் இந்த ஆபரேஷனை வளர்த்தெடுத்தவர் ஹெர்மிஸ் கிரில்லோ. அவரும் அவருடைய குழுவினரும் டியூபால் வந்த சுருக்கத்துக்கு ஆபரேஷன் செய்த 503 பேரின் கணக்கை 1995-இல் வெளியிட்டார்கள். அதில் சுமார் 94 சதவீதம் பேருக்கு நல்ல பலன் அல்லது திருப்தியான பலன். தோல்வி 3.9 சதவீதம், இறப்பு 2.4 சதவீதம். நன்கு பழகிய கைகளின் கணக்கு அது என்பதை மறக்கக்கூடாது. அதனால் உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: நீங்கள் இதை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? இந்த ஆபரேஷனில் முதல் முறைதான் முக்கியமான முறை. இணைப்பு பிரிந்தாலோ மறுபடி சுருங்கினாலோ, இரண்டாம் முறை செய்ய நீளம் இருக்காது. வழக்கமாகச் செய்யும் இடம் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் பத்து நாளில் கவனிக்க வேண்டியது, கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று காற்றுக் குமிழ் தட்டுப்படுகிறதா, சளி நாற்றமடிக்கிறதா, காய்ச்சல் வருகிறதா என்பது. மூன்றும் இணைப்பு கசிகிறதோ என்று சந்தேகிக்க வைப்பவை. குரல் சில வாரம் கரகரப்பாக இருக்கலாம், சத்தமாகக் கத்த முடியாமல் போகலாம்.

ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில், உடனே வெட்டி இணைப்பதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி மூச்சுக்குழாயைப் பற்றியது அல்ல, தலையைப் பற்றியது. அவருக்கு மண்டை எலும்பு திரும்ப வைப்பதற்கோ வேறெதற்கோ இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறதா? இருந்தால் அதை முடித்துவிட்டு வருவது நல்லது. புதிதாகத் தைத்த மூச்சுக்குழாயில் மறுபடி டியூப், மறுபடி கஃப் என்பது இணைப்பைக் கெடுத்துவிடும். சொன்னதைப் புரிந்துகொண்டு ஒரு வாரம் தலையைக் குனிந்தே வைத்திருக்க முடியுமா? தலைக்காயத்துக்குப் பிறகு சிலர் அமைதியில்லாமல் இருப்பார்கள், தூக்கத்தில் கழுத்தை வெடுக்கென்று இழுப்பார்கள். வலிப்பு வருகிறதா? வலிப்பு மருந்து சரியான அளவில் நிலைக்காதவரை பொறுத்திருக்கலாம். சாப்பிடும்போது புரையேறுகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால், தியேட்டரில் ரிஜிட் ஸ்கோப்பால் விரித்துவிட்டுச் சில வாரம் வாங்கிக்கொள்ளலாம். பலூனின் சரியான இடம் இவருக்கு அநேகமாக இதுதான், காலம் வாங்கித் தருவது. தவிர, சுருக்கம் இன்னும் சிவந்து, புண்ணாக, தொட்டால் ரத்தம் கசிவதாக இருந்தால் தையல் பிடிக்காது. அது வெளுத்து, முதிர்ந்த தழும்பாகும்வரை காத்திருப்பதுதான் நல்லது. இந்தக் காலத்தில் யாராவது ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள். தையல் ஆறுவதை அது கெடுக்கும், ஆபரேஷனுக்கு முன்னால் குறைத்து நிறுத்தியிருக்க வேண்டும்.

விரித்தால் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை, ஆபரேஷனுக்கும் இன்னும் நேரம் வரவில்லை என்றால், நடுவழியாக, சுருங்கிய இடத்தை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் குழாயான ஸ்டென்ட் வரும். இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்கிறேன். புற்றுநோய் இல்லாத இந்த மாதிரிச் சுருக்கத்துக்கு உலோக வலை ஸ்டென்ட் வேண்டாம். போடுவது எளிது, வளையும் ஸ்கோப்பிலேயே போட்டுவிடலாம், அதனால்தான் ஆசை வரும். ஆனால் சதை வலைக்குள் வளர்ந்து பின்னிக்கொள்ளும். எடுக்கும்போது மூச்சுக்குழாயையும் பிய்த்துக்கொண்டு வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சிலிக்கோன் ஸ்டென்ட் போடலாம், வேண்டாதபோது முழுதாக எடுத்துவிடலாம். அது இடம் நகரலாம், உள்ளே சளி காய்ந்து அடைக்கலாம். அதனால் தினமும் உப்புநீர் நெபுலைசேஷன் பிடிக்க வேண்டும்.

அதைவிட நம்பகமானது டி-டியூப். 1965 முதல் புழக்கத்தில் இருக்கும் பழைய சாதனம். டி எழுத்து வடிவில் சிலிக்கோன் குழாய், நீண்ட பகுதி மூச்சுக்குழாய்க்குள்ளும் சிறு கை கழுத்துத் துளை வழியாக வெளியேயும் இருக்கும். வெளிக்கையை மூடி வைத்தால் மூக்கு வழியாக மூச்சு விடலாம், சாதாரணமாகப் பேசலாம். சளி அடைத்தால் மூடியைத் திறந்து உறிஞ்சலாம். வீட்டில் ஒருவர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். மூடியைப் பெரும்பாலான நேரம் மூடியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஈரமில்லாமல் உள்ளே போய்ச் சளி காய்ந்து பாறை மாதிரி ஆகிவிடும். ஆபரேஷனே முடியாதவர்கள் இதோடு வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

கழுத்தில் துளையிடும் டிரக்கியாஸ்டமியைப் பற்றி: உயிர் போகும் நேரத்தில் யாராவது அதைச் செய்தால் யோசிக்காமல் சம்மதியுங்கள். நேரம் இருக்கும்போது செய்வதானால், துளை கெட்டுப்போன சுருக்கத்தின் வழியாகவோ அதை ஒட்டியோ வரட்டும் என்று கேட்கலாம். நல்ல குழாயில் புதிதாகத் துளை போட்டால் அங்கேயும் ஒரு தழும்பு வரும், வெட்ட வேண்டிய நீளம் கூடிவிடும்.

ஆக, உங்கள் தம்பிக்கு நான் போடும் வரிசை இது. இந்த வாரம் சேர்க்கை. தியேட்டரில் ரிஜிட் பிராங்காஸ்கோபி, அதே மயக்கத்தில் விரிப்பு. உள்ளே மெல்லிய சவ்வுதான், வளையங்கள் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்தால் கீறி விரித்ததோடு விட்டு, ஆறு வாரத்தில் மறுபடி கேமரா. 2 செ.மீ. முழுவதும் சுவர் கெட்டுவிட்டது என்றால், அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, புண் ஆறியதும் வெட்டி இணைப்பது. இரண்டுக்கும் முன்னால் விபத்துக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் குறிப்பில் டியூபின் அளவு, எத்தனை முறை மாற்றினார்கள், எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்பது இருக்கிறதா என்று பாருங்கள். சி.டி. ஸ்கேன் படங்களைக் காகிதமாக அல்ல, கணினியில் போட்டுப் பார்க்கும் வட்டாகவே கொண்டுபோங்கள், அறுவை மருத்துவர் தானே திருப்பித் திருப்பிப் பார்த்து அளக்க விரும்புவார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கையன்றே கவுண்டரில் காட்டி, இந்தச் சிகிச்சைக்கு அனுமதி வாங்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். அனுமதிக்கு நாள் பிடிக்கும் என்றால் அதற்காக முதல் விரிப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.